பல வருட சர்வேக்களை ஒன்றாகச் சேர்ப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேசிய குடும்ப நல ஆய்வின் (என்எஃப்எச்எஸ்) ஐந்து சுற்றுகளை வைத்து வேலை செய்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. சுற்றுகள் 1992-93, 1998-99, 2005-06, 2015-16, 2019-21 ஆகிய ஆண்டுகளில் நடந்தவை. பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியை, கழிப்பறைக் கேள்வியை, பிடித்துக்கொண்டுதான் விளக்கியிருக்கிறேன். அதில் வருகிற சிக்கல் எல்லாம் தண்ணீர், அடுப்பு எரிபொருள், படிப்பு என்று மற்ற கேள்விகளிலும் வேறு வேஷத்தில் வரும்.

ஒரே சர்வேயோட அஞ்சு சுற்றுதானே, ஃபைல்களை ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டிவிட்டால் போதாதா?

ஒட்டலாம். எந்தப் பிழைச் செய்தியும் வராமல் அழகாக ஒட்டிக்கொள்ளும், ஆபத்தே அதுதான். எல்லாச் சுற்றிலும் கழிப்பறை வகை `hv205` என்ற ஒரே பெயரில்தான் இருக்கும், உள்ளே 11, 12, 13 என்று ஒரே மாதிரி எண்கள்தான் இருக்கும். ஆனால் 1998-99 கேள்வித்தாளில் 11 என்றால் சொந்த ஃப்ளஷ் கழிப்பறை, 12 பலர் பகிர்ந்துகொள்ளும் ஃப்ளஷ், 13 பொது ஃப்ளஷ். 2005-06இல் அதே 11 பாதாளச் சாக்கடைக்குப் போகும் ஃப்ளஷ், 12 செப்டிக் டேங்குக்குப் போவது, 13 குழிக்குப் போவது. பழைய எண்கள் கழிப்பறை யாருடையது என்று சொல்கின்றன, புதிய எண்கள் கழிவு எங்கே போகிறது என்று சொல்கின்றன.

நானும் இதில் ஒருமுறை நன்றாகவே மாட்டியிருக்கிறேன். 2005-06க்கு எழுதிய நிரலை அப்படியே முந்தைய சுற்றுக்கும் ஓட்டினேன். 1999இல் பாதாளச் சாக்கடை இணைப்பு எக்கச்சக்கம், செப்டிக் டேங்க் கொஞ்சம்தான், ஏழு வருஷத்தில் சாக்கடை சுருங்கி செப்டிக் டேங்க் பல மடங்கு பெருகிவிட்டது என்று படம் வந்தது. அதற்கு ஒரு பாரா விளக்கம்கூட எழுதி வைத்திருந்தேன், வெட்கக்கேடு! சாக்கடைக் குழாயைத் தோண்டி எடுத்துவிட்டு செப்டிக் டேங்க் கட்டுகிற ஊர் எங்கேயாவது உண்டா என்று கூட வேலை பார்த்தவர் கேட்ட பிறகுதான் கேள்வித்தாளைத் திறந்து பார்த்தேன்.

அப்போ முதலில் எதைத் திறக்கணும்?

டேட்டா ஃபைலை அல்ல, கேள்வித்தாளை. ஒவ்வொரு சுற்றின் அறிக்கையிலும் கடைசியில் கேள்வித்தாள் இணைப்பாக இருக்கும். உங்களுக்கு வேண்டிய கேள்வியை ஒவ்வொரு சுற்றிலிருந்தும் எடுத்து ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கேள்வியின் வாசகம், பதில் வகைகள், யாரிடம் கேட்டார்கள், எந்தக் கேள்விக்குப் பிறகு கேட்டார்கள், எந்தப் பதில் சொன்னால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுவார்கள், இந்த ஐந்தும் போதும். தாண்டல் குறிப்பைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். கழிப்பறையே இல்லை என்று சொன்ன வீட்டிடம் "மற்ற குடும்பங்களோடு பகிர்கிறீர்களா" என்று கேட்க மாட்டார்கள் அல்லவா, அந்த வீட்டுக்குப் பகிர்வுக் கேள்வியில் வெற்றிடம் இருக்கும். அது விடுபட்ட பதில் இல்லை, கேட்கவே தேவைப்படாத பதில்.

ஃபைலில் இருக்கும் சிறு விளக்கப் பெயரை நம்பி வேலையைத் தொடங்கவே கூடாது. "கழிப்பறை வசதியின் வகை" என்று ஒரே பெயர்தான் எல்லாச் சுற்றிலும் இருக்கும், அதற்குள் என்னென்ன கலந்து கிடக்கிறது என்பதை அந்தப் பெயர் சொல்லாது.

கழிப்பறைக் கேள்வியை ஒரு முறை முழுசாகச் செய்து காட்ட முடியுமா?

1998-99ஐயும் 2005-06ஐயும் எடுத்துக்கொள்வோம்.

பழைய சுற்றில் ஒரே கேள்வி. பதில்கள்: சொந்த ஃப்ளஷ், பகிர்ந்த ஃப்ளஷ், பொது ஃப்ளஷ், அப்புறம் இதே மூன்றும் குழிக் கழிப்பறைக்கு (21, 22, 23), கடைசியில் வசதி இல்லை, அதாவது காடு மேடுதான். வகையும் உடைமையும் ஒரே பதிலில் பின்னிக் கிடக்கின்றன.

புதிய சுற்றில் இதை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். வகைக்கு ஒரு நீண்ட பட்டியல்: ஃப்ளஷ் மட்டுமே சாக்கடை, செப்டிக் டேங்க், குழி, வேறெங்கோ, எங்கே போகிறதென்று தெரியாது என்று ஐந்து. அதன் பிறகு காற்றுக்குழாய் வைத்த குழி, சிமெண்ட் பலகை போட்ட குழி, பலகை இல்லாத திறந்த குழி, இரட்டைக் குழி, உலர் கழிப்பறை, வசதி இல்லை. பகிர்வதைத் தனிக் கேள்வியாகக் கேட்டு `hv225`இல் வைத்திருக்கிறார்கள்.

இப்போது எந்தத் தகவல் இரண்டு பக்கமும் இருக்கிறது என்று பாருங்கள். கழிவு எங்கே போகிறது என்பது பழையதில் இல்லவே இல்லை, அதை எந்த வித்தையாலும் வரவழைக்க முடியாது. பகிர்வதா பொதுவா என்ற வேறுபாடு புதியதில் நேரடியாக இல்லை. பொதுக் கழிப்பறைக்குப் போகிறவரும் பக்கத்து வீட்டோடு பகிர்கிறவரும் அங்கே ஒன்றுபோல "ஆம், பகிர்கிறோம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆக இரண்டுக்கும் பொதுவாக மிஞ்சுவது ஐந்து பெட்டிகள்: சொந்த ஃப்ளஷ், சொந்தமல்லாத ஃப்ளஷ், சொந்தக் குழி, சொந்தமல்லாத குழி, வசதி இல்லை. ஆர் மொழியில், `dplyr` தொகுப்பை ஏற்றிக்கொண்டு எழுதினால் இவ்வளவுதான், `r2` 1998-99 ஃபைல், `r3` 2005-06 ஃபைல்:

```r
r2 <- mutate(r2, toi = case_when(
  hv205 == 11      ~ 11,
  hv205 %in% 12:13 ~ 12,
  hv205 == 21      ~ 21,
  hv205 %in% 22:23 ~ 22,
  hv205 %in% 30:31 ~ 30))

pit <- c(21:23, 41)
r3 <- mutate(r3, toi = case_when(
  hv205 %in% 11:15 & hv225 == 0 ~ 11,
  hv205 %in% 11:15 & hv225 == 1 ~ 12,
  hv205 %in% pit   & hv225 == 0 ~ 21,
  hv205 %in% pit   & hv225 == 1 ~ 22,
  hv205 %in% 30:31 ~ 30))

table(r3$hv205, r3$toi, useNA = "ifany")
```

கடைசி வரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எந்தப் பெட்டியிலும் விழாத பதில்கள் `NA` என்று தனி நெடுவரிசையில் வந்து நிற்கும். உலர் கழிப்பறையும் "மற்றவை"யும் அங்கேதான் இருக்கும், அவற்றை எங்கே போடுவது என்பது உங்கள் முடிவு. நான் உலர் கழிப்பறையைக் குழியோடு சேர்ப்பேன். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடும் வகை இல்லை என்பதில் இரண்டும் ஒன்று, எண்ணிக்கையும் குறைவு, பெரிதாக எதுவும் ஆடிவிடாது. எங்கே போட்டீர்கள், ஏன் என்பதை மட்டும் நிரலின் பக்கத்திலேயே ஒரு வரி எழுதி வையுங்கள், ஆறு மாதம் கழித்து உங்களுக்கே ஞாபகம் இருக்காது.

இப்படி அஞ்சு பெட்டிக்குள் அடைத்தால் புதிய சுற்றில் இருந்த நுணுக்கம் எல்லாம் வீணாகுதே?

மூலப் பதிலை அழித்தால்தான் வீணாகும். `hv205`ஐத் தொடாதீர்கள், `toi` என்பது அதன் பக்கத்தில் இன்னொரு நெடுவரிசை. ஐந்து சுற்றும் சேர்ந்த கேள்விக்கு `toi`, 2005க்குப் பிந்தைய மூன்று சுற்றுக்கு மட்டுமான கேள்விக்கு மூலப் பட்டியல் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

இதைவிட நேர்த்தியான வழி ஒன்று உண்டு. எண்ணின் முதல் இலக்கம் எல்லாச் சுற்றுக்கும் பொதுவான பெரிய வகையைச் சொல்லும்படியும், அடுத்தடுத்த இலக்கங்கள் சில சுற்றுகளில் மட்டும் கிடைக்கும் உள்வகையைச் சொல்லும்படியும் வைத்துவிடுவது. விவரம் தெரியாத சுற்றில் பின் இலக்கங்கள் பூஜ்ஜியமாக இருக்கும். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஐபம்ஸ் தொகுப்பு இப்படித்தான் பல நாட்டு, பல வருட டேட்டாவை அடுக்குகிறது, இந்தியச் சுற்றுகளும் அதில் இருக்கின்றன. பொது ஒப்பீடு வேண்டுமா, முதல் இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் கேள்விக்கு வேண்டிய மாறி அங்கே ஏற்கெனவே தயாராக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவர்கள் எதை எதோடு சேர்த்தார்கள் என்ற குறிப்பைப் படித்துவிட்டு எடுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். "மேம்பட்ட கழிப்பறை" என்று அறிக்கைகளில் வரும் அளவீடு, கழிவு எங்கே போகிறது, குழிக்குப் பலகை உண்டா, வேறு குடும்பத்தோடு பகிர்கிறார்களா என்ற எல்லாத் தகவலையும் கேட்கும். அந்த வரைபடக் கோட்டை 1992க்கு இழுக்க முடியாது. 2005-06இல் தொடங்குங்கள், அதற்கு முன்னால் வரைபடத்தில் வெற்றிடமாக விடுங்கள்.

வகைகளைச் சரிசெய்துவிட்டேன். கேள்வியின் வாசகம் கொஞ்சம் மாறினால் பரவாயில்லைதானே?

எந்தச் சொல் மாறியது என்பதைப் பொறுத்தது. பழைய கேள்வி, உங்கள் வீட்டில் எந்த வகைக் கழிப்பறை வசதி இருக்கிறது என்று கேட்டது. புதியது, உங்கள் வீட்டு ஆட்கள் வழக்கமாக எந்த வகைக் கழிப்பறையைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டது. "இருக்கிறது" என்பதற்கும் "போகிறோம்" என்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டிக்கொடுத்த கழிப்பறையில் விறகு அடுக்கியிருப்பார்கள், கதவுக்குக் குறுக்கே ஆடு கட்டியிருப்பார்கள். அந்த வீட்டுக்காரர் முதல் கேள்விக்கு "இருக்கு" என்பார், இரண்டாவது கேள்விக்கு, உண்மையைச் சொன்னால், "காட்டுக்குத்தான்" என்பார்.

இந்த வேறுபாட்டை நிரல் எழுதி நீக்க முடியாது, ஏனென்றால் ஒரே வீட்டிடம் இரண்டு வாசகத்தையும் கேட்ட டேட்டா நம்மிடம் இல்லை. அது எந்தத் திசையில் இழுக்கிறது என்று மட்டும் சொல்லலாம். வாசகம் மாறியதால் புதிய சுற்றுகளில் "வசதி இல்லை" கொஞ்சம் கூடுதலாக வரத்தான் வாய்ப்பு. அப்படியிருந்தும் எண்ணிக்கை குறைந்திருக்கிறது என்றால், உண்மையான குறைவு நாம் பார்ப்பதைவிடச் சற்று அதிகமாக இருக்கலாமே தவிர, வாசக மாற்றம் உருவாக்கிய மாயை அல்ல. ஒவ்வொரு மாற்றத்துக்கும் இப்படித் திசையை எழுதிவைப்பது பழக்கமாகிவிட்டால், எதற்குப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று தானாகப் பிடிபடும்.

தமிழ் மட்டும் பார்க்கிறவர்களுக்கு ஒன்று. ஆங்கிலக் கேள்வித்தாளில் வாசகம் மாறவில்லை என்றாலும் களத்தில் கேட்டது மொழிபெயர்ப்பைத்தான். தமிழ்க் கேள்வித்தாள் கிடைத்தால் அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்தது சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நான் மூன்று விதமாகச் சோதிப்பேன், மூன்றும் அரை நாள் வேலை.

முதலாவது, ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியாக ஓட்டி, அச்சான அறிக்கையின் எண் வருகிறதா என்று பார்ப்பது. கழிப்பறை வசதி இல்லாத வீடுகள் நூற்றுக்கு எத்தனை என்பதற்கு அறிக்கைகள் தருவது முறையே 70, 64, 55, 39, 19. உங்கள் `toi == 30` இதற்கு ஒரு புள்ளி முன்னே பின்னே வந்தால் சரி. வராவிட்டால் முதலில், கேட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு மதிப்பு என்று சொல்லும் வெயிட்டைப் போட்டீர்களா என்று பாருங்கள், அடுத்தது வீடுகளை எண்ணினீர்களா ஆட்களை எண்ணினீர்களா என்று பாருங்கள். அண்மை அறிக்கைகளில் மேம்பட்ட கழிப்பறைக்குச் சொல்லும் 48.5, 70.2 இரண்டும் அப்படிப்பட்ட வீடுகளில் வாழும் மக்களின் சதவீதம், வீடுகளின் சதவீதம் அல்ல. இரண்டையும் ஒரே வரைபடத்தில் கலந்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, மாறக்கூடாத ஒன்று மாறியிருக்கிறதா என்று பார்ப்பது. கழிப்பறை மாறும், ஆனால் பள்ளி வயதைத் தாண்டிய ஒரு பெண்ணின் பள்ளிப்படிப்பு பெரும்பாலும் மாறாது. 1970 முதல் 1974 வரை பிறந்த பெண்களை எடுங்கள். 1998-99இல் அவர்களுக்கு 24 முதல் 28 வயது இருக்கும், 2005-06இல் 31 முதல் 35, 2015-16இல் 41 முதல் 45, மூன்று சுற்றிலும் மாதிரிக்குள் இருக்கிறார்கள். இவர்களில் பள்ளிக்கே போகாதவர்களின் பங்கு மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். ஒரு சுற்றில் மட்டும் பத்துப் புள்ளி எகிறினால், படிப்பை நீங்கள் மாற்றி அடுக்கியதில் ஏதோ தவறியிருக்கிறது, அல்லது அந்தச் சுற்றின் ஆட்களே வேறு. வயதைத் தோராயமாகச் சொல்லும் பழக்கமும், வயதான பிறகு படிப்பைச் சற்றுக் கூட்டிச் சொல்வதும் உண்டு என்பதால் இரண்டு மூன்று புள்ளி ஆட்டத்துக்குக் கலங்க வேண்டாம்.

மூன்றாவது, மாநிலவாரியாகப் பிரித்து, பெரிய துள்ளல் எங்கே என்று பார்ப்பது. எல்லா மாநிலத்திலும் ஒரே அளவு துள்ளினால் கேள்வி மாறியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். ஓரிரு மாநிலத்தில் மட்டும் துள்ளினால் அங்கே உண்மையிலேயே ஏதோ நடந்திருக்கலாம்.

வெயிட் ஒவ்வொரு ஃபைலிலும் ஏற்கெனவே இருக்கு. சேர்த்த பிறகு அதையே போடலாமா?

போட்டால் வரும் விடைக்கு என்ன அர்த்தம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். இந்த ஃபைல்களில் வெயிட் (`hv005`, பத்து லட்சத்தால் வகுக்க வேண்டும்) எப்படி அமைந்திருக்கிறது என்றால், ஒரு சுற்றின் வெயிட் எல்லாம் கூட்டினால் அந்தச் சுற்றில் கேட்ட வீடுகளின் எண்ணிக்கை வரும். 2005-06இல் 1,09,041 வீடுகள், 2015-16இல் 6,01,509, 2019-21இல் 6,36,699. மூன்றையும் ஒட்டினால் 2005-06இன் பங்கு நூற்றுக்கு எட்டுதான். வசதி இல்லாத வீடுகளின் பங்கு 55, 39, 19 என்று இருக்கும்போது இப்படி ஒட்டிய டேட்டாவின் சராசரி 31 என்று வரும். மூன்று சுற்றுக்கும் சம மதிப்பு கொடுத்தால் 38. ஏழு புள்ளி வித்தியாசம், எந்தச் சுற்றுக்கு அதிகப் பணம் ஒதுக்கி அதிக வீடுகளைக் கேட்டார்கள் என்பதிலிருந்து மட்டும் வந்தது.

அதனால் ஒவ்வொரு சுற்றின் வெயிட்டையும் அந்தச் சுற்றின் மொத்தத்தால் வகுத்து, கூட்டுத்தொகை 1 ஆகும்படி செய்துகொள்ளுங்கள். நாட்டின் மொத்த வீடுகளை எண்ணிக்கையாகவே சொல்ல வேண்டும் என்றால், அந்தந்த வருடத்தின் வீடுகளின் மொத்தத்தால் பெருக்கிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் பல வருடங்களுக்குச் சேர்த்து ஒரே சராசரி சொல்வதில் பெரும்பாலும் பொருளே இல்லை. சேர்ப்பதன் பயன் வருடங்களை ஒப்பிடுவதிலும், சிறு குழுக்களுக்குப் போதுமான ஆட்களைத் திரட்டுவதிலும் இருக்கிறது.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பலரைக் கவிழ்த்தது. மாதிரிக் கிராமம் அல்லது வார்டின் எண் (`hv001`) ஒவ்வொரு சுற்றிலும் தனியாக இடப்பட்டது. ஒரு சுற்றின் எண் அடுத்த சுற்றிலும் வந்தால் அது வேறு ஊர். அப்படியே விட்டால் மென்பொருள் இரண்டையும் ஒரே ஊராக நினைத்துப் பிழை வரம்பைத் தப்பாகப் போடும். கீழே `d` என்பது ஒட்டிய ஃபைல், `round` அதில் எந்தச் சுற்று என்று சொல்லும் நெடுவரிசை.

```r
d <- d |>
  group_by(round) |>
  mutate(w = hv005 / sum(hv005)) |>
  ungroup() |>
  mutate(psu = paste(round, hv001))
```

யாரைக் கேட்டார்கள் என்பது சுற்றுக்குச் சுற்று மாறுமா?

மாறியிருக்கிறது. வீட்டு அளவிலான கேள்விகளுக்கு இது தொல்லை இல்லை. தனிநபர் கேள்விகளில், முதல் சுற்றில் திருமணமாகி இருப்பவர், ஒருகாலத்தில் திருமணமானவர் என்று 13 முதல் 49 வயதுப் பெண்களைக் கேட்டார்கள். இரண்டாம் சுற்றில் அதே ஆட்கள், வயது மட்டும் 15 முதல் 49. மூன்றாம் சுற்றிலிருந்து திருமணமாகாத பெண்களும் சேர்ந்தார்கள். படித்த, திருமணத்தைத் தள்ளிப்போட்ட இளம்பெண்கள் 2005-06இல் திடீரென்று உள்ளே வருகிறார்கள், அதனால் இருபது வயதுப் பெண்களின் சராசரிப் படிப்பு ஒரே தாவாகத் தாவும். ஐந்து சுற்றையும் ஒப்பிட வேண்டுமென்றால் எல்லாவற்றையும் 15-49 வயது, திருமணமானவர்கள் என்று குறுக்கிக்கொள்ளுங்கள். குறுக்கினால் உங்கள் ஆராய்ச்சிக் கேள்விக்கே பொருள் போய்விடும் என்றால் மூன்றாம் சுற்றில் தொடங்குங்கள்.

மாவட்ட அளவில் சேர்க்க முடியுமா?

கடைசி இரண்டு சுற்றுகளை மட்டும். 2005-06 வரை மாநில அளவுக்குத்தான் மாதிரி எடுத்தார்கள், மாவட்டத்துக்கு எடுக்கவில்லை.

கடைசி இரண்டிலும் எல்லைகள் ஒன்றல்ல. நான்காம் சுற்று 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் 640 மாவட்டங்களை வைத்தது, ஐந்தாம் சுற்று 2017 மார்ச் இறுதியில் இருந்த 707 மாவட்டங்களை வைத்தது. தமிழ்நாட்டுக்கு மட்டும் நல்ல காலம், இரண்டிலும் 32 மாவட்டம்தான். தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், அப்புறம் மயிலாடுதுறை எல்லாம் அந்தத் தேதிக்குப் பிறகு பிரிந்தவை. ஆகவே 2019-21 டேட்டாவில் தென்காசியைத் தேடினால் கிடைக்காது, அது திருநெல்வேலிக்குள் இருக்கிறது. தெலங்கானா மாதிரி அதிகமாக உடைந்த இடங்களில் புதிய மாவட்டங்களைப் பழைய எல்லைக்குள் திரும்பக் கூட்ட வேண்டும், அதிலும் ஒரு புதிய மாவட்டம் இரண்டு பழையவற்றிலிருந்து கிள்ளி எடுத்ததாக இருந்தால் அந்த இரண்டையும் சேர்த்தே ஒரு பெட்டியாக்க வேண்டும்.

மாநில அளவிலும் இதே கதைதான். முதல் இரண்டு சுற்றுகள் நடந்தபோது ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், உத்தராகண்ட் மாநிலங்கள் பிறக்கவில்லை.

வேறு அமைப்பு நடத்திய சர்வேயையும் நடுவில் ஒரு புள்ளியாகச் சேர்க்கலாமா?

2015-16க்கும் 2019-21க்கும் நடுவில் ஒரு புள்ளி கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று எல்லாருக்கும் ஆசை. தேசிய மாதிரி ஆய்வின் 76ஆம் சுற்று 2018 ஜூலை முதல் டிசம்பர் வரை நடந்தது, அதில் கழிப்பறைக் கேள்வியும் உண்டு. அதன்படி கிராமப்புற வீடுகளில் 71.3 சதவீதத்துக்குக் கழிப்பறை கிடைக்கிறது.

ஆனால் அந்த அறிக்கையே ஓர் எச்சரிக்கையும் தருகிறது. அரசுத் திட்டங்களில் உதவி பெற்றீர்களா என்ற கேள்வியை முன்னால் கேட்டுவிட்டு, கழிப்பறை கிடைக்கிறதா என்ற கேள்வியைப் பின்னால் கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது என்று சொன்னால் இனி உதவி கிடைக்காமல் போய்விடுமோ என்று நினைத்து, இருப்பதையும் சிலர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாசகம், வகைகள் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தினாலும் வரிசை ஒன்றே பதிலை நகர்த்திவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கேள்வித்தாளைப் பார்க்கும்போது முந்தைய கேள்வியையும் குறித்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

என் பழக்கம், வேறு அமைப்பின் புள்ளியை வரைபடத்தில் வேறு நிறத்தில் போடுவது, கோட்டில் இணைப்பதில்லை. இரண்டு சர்வேயும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்த ஓர் இடம் கிடைத்து, அங்கே இரண்டுக்கும் உள்ள இடைவெளி தெரிந்தால்தான் ஒரே கோடாக இணைக்கத் துணிவேன்.

எந்தக் கட்டத்தில் "இதைச் சேர்க்கவே முடியாது" என்று கைவிடணும்?

கேட்கும் முறையே பதிலின் அளவை மாற்றும்போது. இதற்கு இந்தியாவில் பெரிய வழக்கே நடந்த மாதிரி ஒரு கதை உண்டு. வீட்டுச் செலவு சர்வேயில் 1993-94 வரை பெரிய சுற்றுகளில் "கடந்த 30 நாளில் அரிசிக்கு எவ்வளவு செலவு" என்று உணவுச் செலவைக் கேட்டுவந்தார்கள். 30 நாளை நினைவுகூர்வது கஷ்டம், பாதி மறந்துவிடும், 7 நாள் என்று கேட்டால் என்ன ஆகும் என்று தொண்ணூறுகளின் நடுவில் சில சிறு சுற்றுகளில் சோதித்தார்கள். வீடுகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 30 நாள் தாள், மறுபாதிக்கு 7 நாள் தாள். 7 நாள் கேட்ட வீடுகளில் உணவுச் செலவு கணிசமாகக் கூடுதலாக வந்தது. அளவுகோல் மாறியதாலேயே, ஒருவர்கூடப் பணக்காரர் ஆகாமல், வறுமை விகிதம் ஏறத்தாழ பாதியாகிவிடும் போல இருந்தது.

இதுவரை நல்ல பரிசோதனை. 1999-2000இல் நடந்த பெரிய சுற்றில் ஒரே வீட்டிடம் இரண்டு கேள்வியையும் பக்கத்துப் பக்க நெடுவரிசையில் கேட்டுவிட்டார்கள். 7 நாளுக்கு ஒரு தொகை சொன்னவர், 30 நாளுக்குக் கேட்கும்போது அதையே மனதுக்குள் நாலால் பெருக்கிச் சொல்லத்தானே பார்ப்பார்? இரண்டு பதிலும் ஒன்றையொன்று இழுத்துவிட்டன. அதிகாரப்பூர்வ வறுமை விகிதம் 36இலிருந்து 26 ஆகக் குறைந்ததாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பத்துப் புள்ளியில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கேள்வித்தாள் என்று வருடக்கணக்கில் வாதம் நடந்தது.

பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டன் ஒரு பாலம் கட்டினார். எரிபொருள், விளக்கு போன்ற சில செலவுகளை இரண்டு சுற்றிலும் 30 நாள் என்றே கேட்டிருந்தார்கள், அந்தப் பதில்கள் கெடவில்லை. 1993-94இல் இந்தச் செலவுக்கும் மொத்தச் செலவுக்கும் இருந்த உறவை வைத்து, 1999-2000இல் மொத்தம் எவ்வளவு இருந்திருக்கும் என்று கணித்தார். குறைவில் பெரும்பகுதி உண்மைதான் என்று அவருக்கு வந்தது. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் சென்னும் ஹிமான்ஷுவும் வேறு வழியில் போய், குறைவு மிகச் சிறியது என்றார்கள். பாலம் நிற்பது ஒரு நம்பிக்கையின் மேல்: எரிபொருளுக்கும் மொத்தச் செலவுக்கும் உள்ள உறவு ஆறு வருடத்தில் மாறவில்லை என்பது. அதை அந்த டேட்டாவுக்குள்ளேயே சரிபார்க்க முடியாது.

ஆகவே என் கணக்கு இதுதான். வகைகள் மாறினால் பொதுப் பெட்டிக்குள் சுருக்கிச் சேர்க்கலாம். ஆட்கள் மாறினால் குறுக்கிச் சேர்க்கலாம். நினைவுக் காலம் மாறினால், இரண்டு முறையையும் தனித்தனி வீடுகளில் ஒரே நேரத்தில் கேட்ட சுற்று ஒன்று இருந்தால் மட்டும் சேர்க்கலாம். அது இல்லையென்றால் இரண்டு தனி வரைபடம்.

ஒரு சுற்றில் கேட்கவே இல்லாத கேள்விக்கு என்ன போடுவது? பூஜ்ஜியம் போட்டால் மென்பொருள் நல்லா ஓடுதே.

ஓடும், அதனால்தான் போடக் கூடாது. "இல்லை என்றார்", "தெரியாது என்றார்", "அவருக்குப் பொருந்தாது", "அந்தச் சுற்றில் கேட்கவில்லை" என்று நான்குக்கும் நான்கு தனிக் குறி வைத்துக்கொள்ளுங்கள், பகுப்பாய்வு செய்யும்போது வேண்டுமானால் ஒன்றாக்கிக்கொள்ளலாம். சில சமயம் சுற்று முழுவதும்கூட அல்ல, சில மாநிலங்களில் மட்டும் விடுபட்டிருக்கும். 1992-93இல் தமிழ்நாடு உள்பட ஐந்து மாநிலங்களில் குழந்தைகளின் எடையை எடுத்தார்கள், உயரத்தை அளக்கவில்லை, ஏனென்றால் களப்பணி தொடங்கியபோது அளவுப் பலகை வந்து சேரவில்லை. அந்த வருடத்துக்குத் தமிழ்நாட்டுக் குழந்தைகளின் உயரக் குறைபாடு எவ்வளவு என்று உங்கள் ஃபைல் ஒரு எண்ணைக் காட்டினால், அது எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பியுங்கள்.